கேவிஎம் பெட்டி: ஒரு கணினிக்கு மட்டும் படம் வரவில்லை, அவசரம்

முத்துநகர்:
வணக்கம். ஒரு விசைப்பலகை, ஒரு மவுஸ், ஒரு மானிட்டரை இரண்டு கணினிகளுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளக் கேவிஎம் பெட்டி வாங்கினேன். முதல் கணினியில் எல்லாம் சரி. பொத்தானை அழுத்தி இரண்டாவதற்கு மாற்றினால் படம் இல்லை. கேபிள்கள் எல்லாம் புதியவை. பெட்டிதான் பழுதா? திருப்பி அனுப்பும் கெடு நாளையோடு முடிகிறது. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

சர்க்யூட் சாமி:
எந்தப் பெட்டி, எந்த மானிட்டர், எந்தக் கேபிள் என்று ஒரு வரி இல்லை. ஜாதகத்தையே காட்டாமல் பொருத்தம் பார்க்கச் சொல்கிறீர்கள். கேள்வி கேட்கும் முறையைப் பற்றி எத்தனை முறை எழுதியிருக்கிறேன் இங்கே!

வெண்ணிலா:
பதற்றப்பட வேண்டாம், மூன்று விஷயம் மட்டும் சொல்லுங்கள். இரண்டாவது கணினிக்கு மாற்றியதும் விசைப்பலகை அதில் வேலை செய்கிறதா? திரை வெறும் கறுப்பா, அல்லது `No Signal` என்று எழுதிக் காட்டுகிறதா? பெட்டியின் பின்புறத் துளைகள் எச்டிஎம்ஐ வகையா, டிஸ்பிளே போர்ட் வகையா?

கம்பிமத்தாப்பு:
நீளம்தான் காரணம், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கணினியிலிருந்து பெட்டி வரை ஒரு கேபிள், பெட்டியிலிருந்து மானிட்டர் வரை இன்னொன்று. விலை குறைந்த பெட்டி சிக்னலைப் புதுப்பித்து அனுப்பாது, அப்படியே கடத்திவிடும். அதனால் இரண்டு நீளத்தையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரு மீட்டராகக் குறையுங்கள், படம் வரும்.

முத்துநகர்:
மன்னிக்கவும், அலுவலக வேலைக்கு நடுவில் எழுதினேன். முதலாவது மேசைக்கணினி, டிஸ்பிளே போர்ட். இரண்டாவது அலுவலக மடிக்கணினி, அதில் எச்டிஎம்ஐ இருக்கிறது. பெட்டியில் எல்லாமே டிஸ்பிளே போர்ட். அதனால் ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை டிஸ்பிளே போர்ட் உள்ள கேபிளை 400 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன். முனைகள் கச்சிதமாகப் பொருந்துகின்றன. விசைப்பலகையும் மவுஸும் மடிக்கணினியில் வேலை செய்கின்றன. திரையில் `No Signal`. மடிக்கணினியின் அமைப்புகளில் இரண்டாவது திரை தென்படவே இல்லை. மானிட்டர் 27 அங்குலம், 2560×1440.

வெண்ணிலா:
அப்படியென்றால் பெட்டியைத் திருப்பி அனுப்ப அவசரப்படாதீர்கள். விசைப்பலகை வேலை செய்வதால் யுஎஸ்பி கேபிளும் பெட்டியின் பொத்தானும் சரி. படத்தின் பாதையில்தான் கோளாறு, அதிலும் நீங்கள் தனியாக வாங்கிய அந்தக் கேபிள்மேல்தான் எனக்குச் சந்தேகம்.

அது ஒருவழிக் கேபிள். டிஸ்பிளே போர்ட் உள்ள கணினியிலிருந்து எச்டிஎம்ஐ உள்ள டிவிக்குப் படம் கொண்டுபோகச் செய்தது. பெரும்பாலான கணினிகளின் டிஸ்பிளே போர்ட் துளைக்கு, எதிரில் எச்டிஎம்ஐ இருப்பது தெரிந்தால் தானே எச்டிஎம்ஐ சிக்னலை அனுப்பத் தெரியும். கேபிளுக்குள் இருப்பது அதை உணர்த்தும் சிறு சுற்றும் மின்னழுத்தத்தைச் சரிசெய்யும் பாகமும்தான். மொழிபெயர்க்கும் வேலையைக் கணினியே செய்துவிடுவதால் கேபிள் மலிவாகக் கிடைக்கிறது.

உங்கள் நிலைமை இதற்கு நேர் எதிர். மடிக்கணினியின் எச்டிஎம்ஐ துளைக்கு டிஸ்பிளே போர்ட் சிக்னல் அனுப்பத் தெரியாது. நடுவில் உண்மையாகவே மாற்றித் தரும் சில்லு வேண்டும், அதற்கு மின்சாரமும் வேண்டும். எச்டிஎம்ஐ துளை 5 வோல்ட்டில் உறுதியாகத் தருவது 55 மில்லியாம்பியர் மட்டுமே, அது சில்லுக்குப் போதாது. அதனால்தான் சரியான மாற்றியில் எச்டிஎம்ஐ முனைக்குப் பக்கத்திலேயே ஒரு யுஎஸ்பி வால் தொங்கும். உங்கள் கேபிளில் அந்த வால் இருக்கிறதா என்று பாருங்கள்.

சந்தேகம் தீர ஒரு சோதனை: பெட்டியைக் கழற்றிவிட்டு அதே கேபிளை மடிக்கணினியிலிருந்து நேராக மானிட்டரின் டிஸ்பிளே போர்ட்டில் செருகுங்கள். அங்கேயும் படம் இல்லையென்றால் பெட்டி குற்றவாளி அல்ல.

கம்பிமத்தாப்பு சொல்லும் நீளக் கணக்கு உண்மைதான். ஆனால் நீளம் கூடினால் படம் விட்டுவிட்டு வரும், புள்ளிகள் மினுங்கும், நொடிப்பொழுது கறுத்துத் திரும்பும். 1920×1080க்குக் குறைத்தால் சரியாகிவிடுவதும் உண்டு. மடிக்கணினிக்குத் திரை இருப்பதே தெரியாமல் போவதற்கு நீளத்தை முதலில் சந்தேகப்பட மாட்டேன்.

சர்க்யூட் சாமி:
இதெல்லாம் அந்தக் கேபிளின் உறையிலேயே போட்டிருக்கும். யார் படிக்கிறார்கள்?

மளிகைக்கடை அண்ணாச்சி:
எனக்கும் இதே தொல்லை. கடையில் பில் போடும் கணினி ஒன்று, கேமரா பார்க்கும் கணினி ஒன்று. பழைய விஜிஏ பெட்டி. படம் வருகிறது, ஆனால் 1024×768க்கு மேல் ஏற மறுக்கிறது. எழுத்தெல்லாம் தலையணை மாதிரி உப்பித் தெரிகிறது. நானும் அந்த வால் வைத்த கேபிள் வாங்கவா?

வெண்ணிலா:
வேண்டாம் அண்ணாச்சி, உங்களுடையது வேறு கதை. மானிட்டர் தன் அளவுகளைக் கணினிக்குச் சொல்வது விஜிஏ கேபிளின் 12, 15ஆம் ஊசிகள் வழியாக. மட்டமான கேபிளில் அந்தக் கம்பிகள் இருக்காது, சில பழைய பெட்டிகளும் அவற்றைக் கடத்துவதில்லை. கணினிக்கு ஒன்றும் தெரியாததால் பத்திரமான ஒரு அளவில் நின்றுவிடுகிறது. பெட்டியில்லாமல் அதே கேபிளில் பாருங்கள். முழு அளவு வந்தால் பெட்டியை மாற்றுங்கள், வராவிட்டால் கேபிளை.

முத்துநகர்:
நேராகச் செருகினேன், படம் இல்லை. வால் எதுவும் இல்லை. என்ன வாங்க வேண்டும்?

வெண்ணிலா:
வால் வைத்த மாற்றி ஒரு வழி. அதற்கு முன் மடிக்கணினியில் டைப்-சி துளை இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ, டிஸ்பிளே போர்ட்டின் குறியோ இருந்தால் அதற்குள் டிஸ்பிளே போர்ட் சிக்னலே வருகிறது. டைப்-சி முனையிலிருந்து டிஸ்பிளே போர்ட்டுக்குப் போகும் கேபிள் ஒன்று போதும், வால் தேவையில்லை. குறி இல்லையென்றால் அந்த மாடலின் விவரக்குறிப்பைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சில டைப்-சி துளைகள் தரவும் மின்சாரமும் மட்டும்தான் தரும், படம் தராது.

கம்பிமத்தாப்பு:
எதற்கு இவ்வளவு செலவு? மானிட்டரில் எச்டிஎம்ஐ துளையும் இருக்குமே. மடிக்கணினியை அதில் நேராகச் செருகுங்கள், மேசைக்கணினியை டிஸ்பிளே போர்ட்டில் நேராகச் செருகுங்கள். பெட்டி விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் மட்டும் இருக்கட்டும். படம் மாற்ற மானிட்டரின் பொத்தான் இருக்கிறது.

சர்க்யூட் சாமி:
ஒரே பொத்தானில் எல்லாம் மாற வேண்டும் என்றுதானே மனிதர் பெட்டி வாங்கினார்? பெட்டியில் ஒருமுறை, மானிட்டரின் மெனுவுக்குள் நுழைந்து இன்னொருமுறை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை அழுத்துவது?

கம்பிமத்தாப்பு:
அழுத்தலாம் ஐயா, விரல் தேயாது. உங்கள் முறையில் பெட்டியை மாற்றும்போதெல்லாம் கணினிக்கு மானிட்டரைப் பிடுங்கியது போலாகிறது. திறந்து வைத்த சாளரங்கள் எல்லாம் மடிக்கணினியின் சின்னத் திரைக்குள் குவிந்துவிடும். நேராகச் செருகினால் அந்தத் தொல்லை இல்லை.

வெண்ணிலா:
பல மானிட்டர்கள் உள்ளீட்டை மாற்றினாலும் பழைய டிஸ்பிளே போர்ட் இணைப்பைக் கைவிடுகின்றன, அப்போது அதே குவியல்தான். எச்டிஎம்ஐயில் குறைவு, ஆனால் மானிட்டருக்கு மானிட்டர் மாறும். மானிட்டரின் விவரங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அது இன்னும் இணைந்திருப்பதாகக் கணினியை நம்பவைக்கும் பெட்டிகள் உண்டு. விலைதான் கூடுதல்.

சர்க்யூட் சாமி:
நம்பவைக்கும் பெட்டிகளிலும் பாதி ஒழுங்காக நம்பவைப்பதில்லை. தூக்கத்திலிருந்து எழும் கணினி திரையை மறந்தே எழுகிறது.

கம்பிமத்தாப்பு:
அப்படியானால் என் வழிதான் சரி என்கிறீர்களா?

சர்க்யூட் சாமி:
நான் அப்படிச் சொல்லவில்லை.

முத்துநகர்:
டைப்-சி துளையில் மின்னல் குறி இருந்தது. ஒரு மீட்டர் கேபிள் வாங்கிப் போட்டேன், 2560×1440 வந்துவிட்டது. பெட்டியைத் திருப்பி அனுப்பவில்லை. வெண்ணிலா அவர்களுக்கு நன்றி. சாளரங்கள் குவிவது உண்மைதான், அதற்கு ஏதாவது வழி உண்டா?

மளிகைக்கடை அண்ணாச்சி:
எனக்குப் பெட்டியில்லாமல் முழு அளவு வருகிறது. எச்டிஎம்ஐ பெட்டி வாங்கினால் பழைய விஜிஏ மானிட்டரை அதில் செருக முடியுமா?