புதுக் குழந்தை மருத்துவர்: குடும்பக் குழுவில்

மீனா: வீடு மாறியதால் குட்டிக்குப் புதிதாக ஒரு குழந்தை மருத்துவர் தேடுகிறேன். பக்கத்தில் ஒரு கிளினிக் இருக்கிறது. விமர்சனங்களைப் படித்துக் குழம்பிப் போயிருக்கிறேன். சராசரி 4.1. பாதிப் பேர் தெய்வம் என்கிறார்கள், சிலர் அந்தப் பக்கமே போகாதீர்கள் என்கிறார்கள்.

சுந்தரம் பெரியப்பா: குழந்தைக்கு என்ன? காய்ச்சலா?

மீனா: நன்றாக இருக்கிறான் பெரியப்பா. திடீரென்று ஏதாவது வந்தால் அப்போது அலையக் கூடாது என்றுதான் இப்போதே பார்க்கிறேன்.

பாஸ்கர்: 4.5-க்குக் கீழே என்றால் விட்டுவிடு. ஐந்து நட்சத்திரமெல்லாம் காசு கொடுத்து வாங்கியவை. ஒரு நட்சத்திரத்தை மட்டும் படி.

கல்யாணி அத்தை: பாஸ்கர், ஐந்து நட்சத்திரத்தை வாங்க முடியும் என்றால் 4.5-ஐயும் வாங்கலாமே, அந்த எண்ணை எப்படி நம்புவது? ஒரு நட்சத்திரத்தைப் படிக்கச் சொன்னது சரி. ஆனால் எதற்காகக் கோபப்பட்டார்கள் என்று பார்க்க வேண்டும். மீனா, அவற்றை இங்கே போடு.

மீனா: 1) "இரண்டு மணி நேரம் காக்க வைத்தார்கள்."
2) "காய்ச்சலோடு போனோம். ஆன்டிபயாட்டிக் தரவில்லை. மூன்று நாளில் குறையாவிட்டால் வாருங்கள் என்றார். வேறு இடத்தில் வாங்கிக் கொடுத்தோம், மறுநாளே சரியாகிவிட்டது."
3) "சாதாரண இருமலுக்கு நெபுலைசர் வைத்துத் தனியாகக் கட்டணம் போட்டார்கள்."

கல்யாணி அத்தை: இரண்டாவது எனக்குப் பிடித்திருக்கிறது. குழந்தைகளுக்கு வரும் சளிக் காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக் அதில் வேலை செய்யாது. மறுநாள் சரியானது மருந்தால்தான் என்று சொல்ல முடியாது, காய்ச்சல் தானாக இறங்கும் நேரமாகவும் இருந்திருக்கலாம். அவசரப்பட்டு எழுதாமல், எப்போது திரும்பி வர வேண்டும் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார். திட்டியவரே அவருக்கு நற்சான்று கொடுத்துவிட்டார்.

சுந்தரம் பெரியப்பா: என் மருத்துவர் ஊசி போடாமல் அனுப்பியதே இல்லை. ஊசி போட்டால்தான் எனக்குக் கேட்கும்.

கல்யாணி அத்தை: அண்ணா, உங்கள் மூட்டு வலி வேறு, குழந்தையின் சளி வேறு. ஆனால் ஒன்று: மூன்று மாதம் நிறையாத கைக்குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்து, அவர் பரிசோதிக்காமல் காத்திருக்கச் சொல்லியிருந்தால் அது தவறு. குழந்தையின் வயதை அந்த விமர்சனம் சொல்லவில்லை.

ரேவதி அண்ணி: அந்த மூன்றாவது? எனக்கு அதுதான் உறுத்துகிறது.

கல்யாணி அத்தை: எனக்கும்தான். வேறு யாராவது அதையே எழுதியிருக்கிறார்களா, மீனா? 'நெபுலைசர்' என்று விமர்சனங்களுக்குள் தேடிப் பார்.

மீனா: இன்னும் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள் அத்தை. ஒன்று போன ஆண்டு, ஒன்று இந்த மாதம். அதில் ஒருவர் கொடுத்தது நான்கு நட்சத்திரம்! "மருத்துவர் பொறுமையானவர், எடை பார்த்துத்தான் மருந்தளவு எழுதினார், ஆனால் இருமல் என்றாலே நெபுலைசர்தான்" என்கிறார்.

கல்யாணி அத்தை: நீ படித்ததிலேயே நம்பத்தகுந்தது அதுதான். குழந்தைக்கான மருந்தை வயதைவிட எடையை வைத்துக் கணக்கிட வேண்டும். பாராசிட்டமால் என்றால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை. போகாத ஒருவருக்கு எடை பார்த்த விவரம் எழுதத் தோன்றாது. முன்பின் தெரியாத மூன்று பேர், வெவ்வேறு மாதங்களில், ஒரே குறையைச் சொன்னால் அதைத் தள்ளிவிட முடியாது.

பாஸ்கர்: அப்படியென்றால் பணம் பறிக்கிறார், முடிந்தது.

கல்யாணி அத்தை: அப்படி முடித்துவிட முடியாது. மூச்சில் விசில் சத்தம் வரும் குழந்தைக்கு நெபுலைசர் தேவைப்படலாம். வெறும் சளி இருமலுக்கு அதனால் பயன் இல்லை. அந்த மூன்று குழந்தைகளுக்கும் இழுப்பு இருந்ததா என்பது விமர்சனத்திலிருந்து தெரியாது.

ரேவதி அண்ணி: புகழ்ந்தவர்களையும் பார்த்தாயா? ஒரே வாரத்தில் வரிசையாக வந்திருக்கிறதா?

மீனா: ஆமாம் அண்ணி. ஒரே வாரத்தில் பத்துக்கும் மேல், எல்லாமே "சிறந்த மருத்துவர்" என்று ஒரு வரிதான். பெயரைத் தொட்டுப் பார்த்தால் வேறு எதற்குமே விமர்சனம் எழுதாதவர்கள்.

கல்யாணி அத்தை: அவற்றை ஒதுக்கிவிடு. எழுதச் சொன்னது வரவேற்பில் இருப்பவராகவும் இருக்கலாம், அதற்காக மருத்துவர் மோசம் என்று ஆகாது. குறை சொன்னவர்களுக்குக் கிளினிக் என்ன பதில் எழுதியிருக்கிறது?

மீனா: நெபுலைசர் பற்றிக் கேட்டவருக்கு, "நேரில் வாருங்கள், குறிப்பேட்டைப் பார்த்து விளக்குகிறோம்" என்று.

கல்யாணி அத்தை: நல்லது. குழந்தைக்கு என்ன நோய் என்று எல்லோரும் படிக்கும்படி எழுதிச் சண்டை போட்டிருந்தால் நான் போக வேண்டாம் என்றிருப்பேன். அவருடைய பதிவு எண்ணை மருத்துவக் கவுன்சில் பட்டியலில் ஒரு முறை பார்த்துவிடு. பட்டமும் அதிலேயே தெரியும்.

பாஸ்கர்: எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

மீனா: குட்டிக்கு ஒரு தடுப்பூசி பாக்கி இருக்கிறது. அதற்கு அங்கே போகிறேன். இருமலுக்கு நெபுலைசர் வைக்கச் சொன்னால் என்ன கேட்க வேண்டும் அத்தை?

கல்யாணி அத்தை: "இழுப்பு கேட்கிறதா டாக்டர்?" என்று கேள். வைப்பதற்கு முன்பும் பின்பும் ஸ்டெதாஸ்கோப் வைத்து நெஞ்சைக் கேட்கிறாரா என்று கவனி.