அப்பா போன்ல ஒரு ஆப் போகவே மாட்டேங்குது, அவசரம்

செல்வி_ஈரோடு: அப்பாவுக்கு வாட்ஸ்அப்ல கல்யாண பத்திரிகைன்னு ஒண்ணு வந்துச்சு, தொட்டு இன்ஸ்டால் பண்ணிட்டார். இப்ப அன்இன்ஸ்டால்னு தொட்டா ஸ்க்ரீன் தானா ஹோமுக்கு வந்துடுது, என்ன பண்றது?

மணி77: என்ன போன், எந்த ஆண்ட்ராய்டு? என்னென்ன பெர்மிஷன் குடுத்தார்?

கணினி_காளை: பத்திரிகைன்னா போட்டோவாவோ பிடிஎஃப்பாவோ வரும், பேர் .apk-னு முடிஞ்சா அது ஆப்னு இதே குரூப்ல நூறு தடவை எழுதியாச்சு. தேடிப் படிச்சிட்டு கேளுங்க.

ஜெயா_மதுரை: பயந்துபோயிருக்கிற பொண்ணுகிட்ட பேசற பேச்சா இது? செல்வி, ரீசெட் பண்ணுமா, எல்லாம் சரியாயிடும்.

செல்வி_ஈரோடு: ஆண்ட்ராய்டு 13. எஸ்எம்எஸ் கேட்டுச்சாம், அப்புறம் அக்சஸிபிலிட்டின்னு ஏதோ ஆன் பண்ணச் சொல்லுச்சாம்.

பழுது_பார்ப்பவன்: அதான் விஷயம். அக்சஸிபிலிட்டி கண்ணு தெரியாதவங்களுக்கு ஸ்க்ரீனைப் படிச்சுக் காட்டறதுக்காக வெச்சது, அதனால அதை வாங்கின ஆப் ஸ்க்ரீன்ல இருக்கறதைப் படிக்கும், உங்களுக்குப் பதிலா பட்டனும் அமுக்கும், நீங்க அன்இன்ஸ்டால் பக்கம் போனதும் ஹோமுக்குத் தள்றது அதுதான். எஸ்எம்எஸ் ஓடிபிக்கு. பத்திரிகைக்கு இது ரெண்டும் எதுக்கு? 13-ல வெளியிலிருந்து போட்ட ஆப்புக்கு அக்சஸிபிலிட்டியைப் போனே முதல்ல தடுக்கும், அதையும் மீறி மூணு புள்ளி மெனுவுக்குள்ள போய் Allow restricted settings தொடச் சொல்லிச்சுன்னா சந்தேகமே வேணாம்.

முதல்ல ஏரோப்ளேன் மோடு போடுங்க, வைஃபையும் ஆஃப். அப்பா பேங்குக்கு வேற போன்லேர்ந்து கூப்பிட்டு நெட்பேங்கிங், யூபிஐ ரெண்டையும் நிறுத்தச் சொல்லுங்க. அப்புறம் சேஃப் மோடு: பவர் பட்டனை அமுக்கி Power off எழுத்தை விடாம அழுத்திப் பிடிங்க, நிறைய போன்ல வரும். அதுல நாம போட்ட ஆப் எதுவும் ஓடாது, அதனால தள்ளிவிட முடியாது. அக்சஸிபிலிட்டியை ஆஃப் பண்ணி, Device admin apps-ல இருந்தா அதையும் எடுத்துட்டு அன்இன்ஸ்டால் பண்ணுங்க.

ஜெயாக்கா, ரீசெட் ஆப்பை எடுத்துடும், ஆனா அந்த ஆப் வர்ற காலை வேற நம்பருக்குத் திருப்ப கால் ஃபார்வர்டு போட்டிருந்தா அது நெட்வொர்க்ல இருக்கு, ரீசெட்டுக்கு அசையாது. `*#21#` போட்டுப் பாருங்க, சில சிம்ல இந்த கோட் எடுக்காது, கஸ்டமர் கேர்ல கேளுங்க.

சுந்தர்_வாட்ச்: என் கைக்கடிகார ஆப்பும் லொகேஷன் கேக்குது, எடுத்துடவா?

மணி77: ப்ளூடூத் தேட அது வேணும்.

கணினி_காளை: ஆண்ட்ராய்டு 12 வந்ததும் அதுக்கு Nearby devices-னு தனியா வந்தாச்சு. இன்னும் லொகேஷன் கேட்டா திருட்டுதான்.

மணி77: ஓட்டத்தை மேப்ல காட்டவும் கேக்கலாமே, உடனே திருடன்னா எப்படி?

கணினி_காளை: அப்ப ஓடும்போது மட்டும் குடுத்தா போதுமே, எப்பவும் எதுக்கு?

சுந்தர்_வாட்ச்: இப்ப எடுக்கவா வேணாமா?

பழுது_பார்ப்பவன்: செல்வி, பணம் போயிருந்தா உடனே சைபர் க்ரைம் நம்பர் 1930-க்கு அடிங்க.

செல்வி_ஈரோடு: சேஃப் மோடுல போயிடுச்சு. 9,800 போயிருக்கு. 1930-க்கு அடிச்சிட்டு இருக்கேன்.