பிரிந்தவர்கள் மறுபடி சந்திக்கும் கதைகள்: உங்களை அசைத்த இடம் எது?

வாசுகி
மழைநாள் ஒன்றில் ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ நாவல் படித்தேன். கதாநாயகி ஆன் 19 வயதில் முறித்துக்கொண்ட நிச்சயம். எட்டு வருடம் கழித்து அன்று அவளுக்கு நிச்சயித்த வென்ட்வொர்த் கப்பல் கேப்டனாகத் திரும்புகிறான். ஆளே மாறிவிட்டாள் என்று அவன் சொன்னது அவள் காதுக்கு வருகிறது. அப்புறம் ஒரு நாள், நோயாளிப் பிள்ளையின் பக்கத்தில் அவள் மண்டியிட்டிருக்க, இரண்டு வயது வாண்டு ஒன்று முதுகில் தொங்கிக்கொண்டு இறங்க மறுக்கிறது. யாரோ அதன் கைகளைப் பிரித்துத் தூக்குகிறார்கள். அவன்தான். நன்றி சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதோடு புத்தகத்தை மூடிவிட்டு டீ போடப் போனேன். உங்களுக்கு எந்த இடம்?

செந்தில்
அப்பா மறுத்ததால் பிரிந்தார்கள், 25,000 பவுண்டு வந்ததும் சேர்ந்தார்கள். அவ்வளவுதானே?

மீனாட்சி
பாதி சரி, தம்பி. அப்பா முகம் சுளித்தாரே தவிர தடுக்கவில்லை. தாய் ஸ்தானத்தில் இருந்த லேடி ரஸ்ஸலின் பேச்சைக் கேட்டு அவளேதான் முறித்தாள். பணம்தான் காரணம் என்றால் எப்போதோ சேர்ந்திருக்கலாம். 1808ல் கையில் சில ஆயிரம் பவுண்டு இருந்தபோது நான் கடிதம் போட்டிருந்தால் சம்மதித்திருப்பாயா என்று கடைசியில் அவனே கேட்கிறான். சம்மதித்திருப்பேன் என்கிறாள். ரோஷத்தில் எழுதாமல் விட்ட ஆறு வருடம் அவன் கணக்கு. தப்பு இரண்டு பக்கமும் இருப்பதால்தான் நம்மால் ஒருவரை மட்டும் திட்ட முடிவதில்லை.

இன்னொன்று. 1816ல் ஆஸ்டின் முதலில் எழுதிய முடிவில், வென்ட்வொர்த் ஆனுக்குத் தன் காதலைச் சொல்லி எழுதும் அந்தப் புகழ்பெற்ற கடிதமே இல்லை. நீ வேறொருவரை மணக்கப்போகிறாயா என்று அவன் நேரிலேயே விசாரிக்க நேர்கிறது, சட்டென்று முடிந்துவிடுகிறது. திருப்தியில்லாமல் மாற்றி எழுதினார். புதிய முடிவில், ஆணா பெண்ணா யார் அதிக நாள் மறக்காமல் இருப்பது என்று அவள் வேறொருவரோடு பேசுகிறாள். அதே அறையில் எழுதிக்கொண்டிருக்கும் அவன் கையிலிருந்து பேனா விழுகிறது. எட்டு வருடம் நேரில் கேட்கத் துணியாதவனுக்கு ஒட்டுக்கேட்டுத்தான் பதில் கிடைக்க வேண்டியிருந்தது.

ரஃபீக்
என் கதையும் உண்டு. கல்லூரியில் பிடித்த பெண்ணை 14 வருடம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் பார்த்தேன். பக்கத்தில் போய் நின்றதும், “அண்ணா, சாம்பார் இன்னும் கொஞ்சம்” என்றாள். பரிமாறும் ஆள் என்று நினைத்துவிட்டாள். அப்புறம் அடையாளம் தெரிந்து, பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் பற்றிப் பேசினோம். ஆனால் இந்த மாதிரிக் கதை கிடைத்தால் விடுவதில்லை.

லதா
மறுமணக் கதையா கேட்கிறீர்கள்? என்னிடம் நாலைந்து இருக்கிறது.

வாசுகி
இல்லை லதா, அதே இருவர் மறுபடி சேர்வது.

லதா
ஓ, சரி. அப்படியானால் எனக்கு ஆன்மீது கோபம்தான். நடுவில் சார்ல்ஸ் என்ற இன்னொருவன் பெண் கேட்டபோதும் மறுத்தாளே. வென்ட்வொர்த் திரும்பி வராமலே போயிருந்தால்?

மீனாட்சி
சார்ல்ஸைக் கட்டியிருந்தால் மட்டும் சந்தோஷமாக இருந்திருப்பாளா, லதா?

லதா
தெரியாது அக்கா. ஆனால் எட்டு வருடம் ரொம்ப அதிகம்.