புதுப்பிப்பு: ரெப்மாரின் கொமிஷனும் ரூட் சண்டையும், திருகோணமலை

என் கேள்வி: "விற்பனை வளர்ந்தால் கடைகளுக்குச் சரக்கு விற்கும் ரெப்புக்குக் கூடக் கொமிஷன் கிடைக்கவேணும், எந்தக் கடை யாருக்கு என்று ரெப்மாருக்குள் சண்டையும் வரக்கூடாது. எப்படி?"

எல்லாருக்கும் நன்றி. கணக்காளர் அக்கா சொன்னதுதான் சரிவந்தது: போன வருடம் இதே மாதம் விற்ற அளவுவரை 1%, அதற்கு மேல் 3%. நிலாவெளி ரூட்டில் அந்த அளவு 4 லட்சம். 5 லட்சம் விற்றவருக்கு 4,000 + 3,000, மொத்தம் 7,000 ரூபாய். போன வருடக் கணக்குக்குப் பதிலாகக் கடைசி மூன்று மாதச் சராசரியை அளவாக வைத்தால் போதும் என்ற தம்பி சொன்னது பாதி சரி. கிண்ணியாவுக்குப் பொருந்தும், நிலாவெளியில் சுற்றுலாக் காலம் வந்தாலே விற்பனை ஏறிவிடும்.

ஊரைப் பிரிக்காமல் கடைகளைப் பெயர் பெயராகப் பிரித்தோம். பில் யார் போட்டாலும் கொமிஷன் கடைக்குரிய ரெப்புக்கே.

எதிர்பாராதது: மாதக் கடைசியில் ரெப்மார் கொமிஷனுக்காகக் கடைகளுக்குள் தள்ளிய சரக்கு அடுத்த மாதம் திரும்பி வந்தது. அப்புறம் காசு வசூலானால்தான் கொமிஷன் என்று மாற்றினோம். டவுன் மொத்தக்கடை வழியாக மூதூருக்குப் போகும் சரக்கு யார் கணக்கு என்பது மட்டும் இன்னும் இழுபறிதான்.