இன்டர்ன்ஷிப் கேட்டு வர்ற மெயில்: தேதி, ப்ராஜெக்ட் ரெண்டும் எப்படி எழுதணும்? உங்க அனுபவம் சொல்லுங்க

மழைக்குருவி: எங்க சின்ன டீமுக்கு வர்ற இன்டர்ன்ஷிப் மெயில முதல்ல படிக்கிறது நான்தான். பாதிக்கு மேல "எப்ப வேணாலும் வரத் தயார்"னு தான் இருக்கும், அத வச்சு எங்களால எதையும் முடிவு பண்ண முடியாது, ஏன்னா சொல்லிக் குடுக்கப் போறவங்க லீவு, ரிலீஸ் தேதி எல்லாம் பாத்துதான் ஆள் எடுக்கணும். மூணாம் வருஷப் பொண்ணு ஒருத்தங்க எழுதுனது இன்னும் ஞாபகம் இருக்கு: "மே 18ல இருந்து ஜூலை 10 வரை முழு நேரமும் வர முடியும், ஜூன் 8, 9 மட்டும் ப்ராக்டிகல் எக்ஸாம்." ப்ராஜெக்ட் பத்தியும் ரொம்ப எழுதல. லைப்ரரி புக் ரிசர்வ் பண்ற ஆப், மூணு பேர் சேர்ந்து பண்ணோம், டேட்டாபேஸ் என் பொறுப்பு, ஒரே புக்க ரெண்டு பேர் ஒரே நேரத்துல கேட்டா ரெண்டு பேருக்குமே கிடைச்ச மாதிரி காட்டுச்சு, யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் போட்டு சரி பண்ணேன்னு இருந்துச்சு. இன்டர்வியூல முதல் கேள்வியே அதுலதான் கேட்டோம், அழகா விளக்குனாங்க, எடுத்துட்டோம்.

கோடுகிறுக்கன்: எக்ஸாம் தேதியெல்லாம் மெயில்ல சொல்லாதீங்க, சேர்ந்தப்புறம் பேசிக்கலாம். ப்ராஜெக்ட் எத்தன இருக்கோ அத்தனையும் போடுங்க, கோட் லிங்க் கண்டிப்பா குடுங்க.

மழைக்குருவி: லிங்க் விஷயம் ரொம்ப சரி. ஆனா கிட்ஹப்ல ப்ரைவேட்டா இருந்தா எங்களுக்கு 404தான் வரும், டிரைவ்ல ரெஸ்யூம் போட்டா அனுமதி கேளுன்னு நிக்கும். அனுப்புறதுக்கு முன்னாடி லாகின் இல்லாத ஜன்னல்ல தொறந்து பாருங்க. எக்ஸாம் தேதிய மறைக்கிறதுதான் எனக்கு ஒத்துக்கல, வேலை பிரிச்சுக் குடுத்தப்புறம் லீவு கேட்டா கூட இருக்கவங்க திட்டமும் மாறிடும். எல்லா ப்ராஜெக்ட்டும் ரெஸ்யூம்ல இருக்கட்டும், மெயிலுக்கு அந்த வேலையோட ஒட்டுற ஒண்ணு போதும்.

ஆய்வகவாசி: நான் இருக்கறது செல் வளக்குற லேப், எங்களுக்கு கோட் லிங்க் எல்லாம் தேவைப்படாதுங்க. ஆனா எத்தன வாரம்னு முதல்லயே தெரியணும். செல்லுக்கு ஞாயித்துக்கிழமை எல்லாம் தெரியாது, லீவு நாள்லயும் வந்து அது வளர்ற ஊட்டத் திரவமான மீடியாவ மாத்தணும். நாலு வாரம்னா கிருமி படாம சுத்தமா வேலை பண்ணப் பழகுறதுக்கே போயிடும், அப்புறம் அவங்களா எதையும் செஞ்சு பாக்க நேரமே இருக்காது. காலேஜ் லெட்டர் வேற வேணும்.

இரண்டாமாண்டு: எங்க காலேஜ்ல இன்னும் டைம்டேபிளே போடல அக்கா, நான் என்ன தேதி எழுதுறது?

மழைக்குருவி: "மே மூணாவது வாரத்துல இருந்து 8 வாரம், டைம்டேபிள் வந்ததும் சரியான தேதி சொல்றேன்"னு எழுதுப்பா. வந்த அன்னிக்கே அதே மெயிலுக்கு ரிப்ளை போட்டு சொல்லிடு, புது மெயிலா அனுப்புனா பழசோட சேத்துப் பாக்க மாட்டாங்க.

கோடுகிறுக்கன்: அதுக்குள்ள தேதி உறுதியா சொன்னவன எடுத்துட்டா?

மழைக்குருவி: எடுக்கலாம், எங்க டீம்லயே அப்படி நடந்திருக்கு. அதனால ஒரே இடத்த நம்பிட்டு இருக்க வேணாம் தம்பி.