52 பரோட்டா எங்கே போச்சு?

பாளை பரோட்டா கடை:
போன மாதம் பில்லிங் கம்ப்யூட்டரில் தினசரி ரிப்போர்ட் பார்க்க ஆரம்பித்தேன். சாயங்காலம் மாஸ்டர் எத்தனை உருண்டை உருட்டினார் என்று எண்ணி ஏற்றுவேன். கடை அடைத்ததும் விற்றதைக் கழித்து, மீதியை 'கழிவு' என்று அதுவே காட்டும். முதல் வெள்ளிக்கிழமை 12 கிலோ மைதா, 192 உருண்டை. பில்லில் பரோட்டா 140. கழிவு 52! குப்பை வாளியில் கிடந்ததோ ஓரம் கருகிய நாலுதான். மாஸ்டரிடம் கேட்டேன், கேட்ட விதம் சரியில்லை. மனுஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வண்ணார்பேட்டை:
வேற என்ன அண்ணாச்சி, கை நீளம்தான். கேமரா வையுங்க. வாளியைத் தினமும் எடை போடுங்க, குட்டு வெளிப்பட்டுவிடும்.

தென்காசி, பில்லிங் வேலை:
எடை போடுவது நல்லதுதான், ஆனால் இலையில் மிச்சம் வைத்ததும் அதே வாளியில்தானே விழுகிறது? அண்ணாச்சி, அன்றைக்குக் கொத்து பரோட்டா எத்தனை ஓடியது?

பாளை பரோட்டா கடை:
18.

தென்காசி, பில்லிங் வேலை:
பிளேட்டுக்கு 2 போட்டால் 36. கம்ப்யூட்டருக்குக் கொத்து தனி ஐட்டம். அதற்குள் பரோட்டா இருப்பது அதற்குத் தெரியாது. ஐட்டம் மாஸ்டர் பட்டியலில் ரெசிப்பி என்ற இடத்தில் 'கொத்து 1 = பரோட்டா 2' என்று ஏற்றணும். பையன்கள் ராத்திரி சாப்பிட்டதையும் பூஜ்ய ரூபாய் பில்லாகப் போடுங்கள்.

பாளை பரோட்டா கடை:
பையன்கள் 10. கருகியது 4. அப்போ கணக்கில் வராதது 2தான்! மாஸ்டர் வீட்டுக்கு நானே போய் நின்றேன்.

அம்பை மெஸ்:
இந்தக் கழிவுக்கும் 5 சதவீதம் ஜிஎஸ்டி கட்டணுமா?

தென்காசி, பில்லிங் வேலை:
விற்றதற்குத்தான் வரி அண்ணாச்சி, கொட்டினதற்கு எதற்கு? இன்னொன்று: சனிக்கிழமை கழிவு கூடி, ஞாயிறு மைனஸில் வருகிறதா?

பாளை பரோட்டா கடை:
ஆமா, போன ஞாயிறு மைனஸ் 9. உங்களுக்கு எப்படித் தெரியும்?

தென்காசி, பில்லிங் வேலை:
ராத்திரி 12 மணிக்குத் தேதி மாறிவிடும், நீங்கள் ஒரு மணி வரை பில் போடுவீர்கள். நாள் முடிவு நேரத்தை அதிகாலை 4 ஆக்குங்கள். கேன்சல் பில்லையும் பாருங்கள். பார்சல் கட்டினபிறகு ரத்தானால் அது விற்பனையிலும் வராது, பரோட்டா மாஸ்டர் கைக்கும் திரும்பாது. காரணம் எழுதாமல் ரத்து செய்ய விடாதீர்கள்.

அம்பை மெஸ்:
பரோட்டாவை எண்ணிவிடலாம். எங்கள் சொதியை எப்படி எண்ண? கேட்கிறவர்களுக்கு இரண்டாம் தடவை ஊற்றாமல் இருக்க முடியுமா?

பாளை பரோட்டா கடை:
என் சால்னாவும் அதே கதைதான். இப்போதைக்கு ராத்திரி அண்டாவுக்குள் கரண்டியை நிறுத்தி, நனைந்த உயரத்தை நோட்டில் குறிக்கிறேன். மாஸ்டர் பார்த்துச் சிரிக்கிறார்.