190 ரூபாய் டிக்கெட், கட்டியது 226: உங்கள் பில்லில் என்னென்ன இருந்தது?

பெரம்பூர் கார்த்தி:
சில வருடங்களுக்கு முன் எடுத்த ஒரு பில் இன்னும் மெயிலில் கிடக்கிறது. சென்னை மல்டிபிளெக்ஸ், சனிக்கிழமை ஈவ்னிங் ஷோ, நாங்கள் நாலு பேர். டிக்கெட் ஒன்று 190 ரூபாய் 78 காசு, நாலுக்கு 763.12. அதன் கீழே கன்வீனியன்ஸ் ஃபீ 141.60. மொத்தம் 904.72. அந்த 141 ரூபாயைத் தொட்டுப் பார்த்தால் உள்ளே இரண்டு வரி விரிகிறது: அடிப்படைக் கட்டணம் 120, ஜி.எஸ்.டி. 21.60. அதாவது ஒரு டிக்கெட்டுக்கு 30 ரூபாயும், அந்த முப்பதுக்கு 18 சதவீத வரியும். நான் புக் செய்தது ஒரே தடவை, பணம் கட்டியதும் ஒரே தடவை. ஆனால் கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று நாலு முறை.

என் தம்பி பெங்களூரில் இருக்கிறான். அங்கே ஒரே தியேட்டரில் செவ்வாய்க்கிழமை காலைக் காட்சி 150, அதே சீட் சனிக்கிழமை ராத்திரி 380 என்கிறான். இங்கே நமக்கு என்றைக்குப் போனாலும் ஒரே விலை. இது ஏன் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உங்கள் பில் அனுபவத்தையும் எழுதுங்கள்.

மாலதி, மதுரை:
டிக்கெட்டை விடுங்கள், பாப்கார்னைப் பற்றி யாராவது பேசுங்களேன். போன மாதம் பிள்ளைகளோடு போனோம். டிக்கெட்டுக்குக் கொடுத்ததை விட இடைவேளையில் கொடுத்தது அதிகம். பார்க்கிங் தனி. தண்ணீர் பாட்டிலை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

சேலம் பிரபு:
கார்த்தி, உங்கள் பில்லில் பாதிக்குப் பாதி வரிதான். சினிமா டிக்கெட்டுக்கு 28 சதவீதம் ஜி.எஸ்.டி., அதற்கு மேல் நம் மாநிலத்துக் கேளிக்கை வரி. அரசாங்கம் வரியைக் குறைத்தால் டிக்கெட் தானாக நூறு ரூபாய்க்கு வந்துவிடும். தியேட்டர்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

பழைய மேனேஜர், கோவை:
பிரபு தம்பி, மாநிலக் கேளிக்கை வரி நம் ஊரில் தனியாக இருக்கிறது என்பது சரி. ஆனால் 28 சதவீதம் 2018 டிசம்பரோடு முடிந்துவிட்டது. 2019 ஜனவரி முதல் நூறு ரூபாய்க்கு மேல் உள்ள டிக்கெட்டுக்கு 18, நூறும் அதற்குக் கீழும் 12. அந்தப் பன்னிரண்டும் 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகிவிட்டது. மேல் படி 18 அப்படியே நிற்கிறது.

கார்த்தியின் பில்லைப் பிரித்துப் பார்ப்போம். 2017 அக்டோபரில் தமிழ்நாடு அரசு மல்டிபிளெக்ஸுக்கு வைத்த உச்சவரம்பு வரி சேராமல் 150 ரூபாய். அதன் மேல் அன்றைக்குத் தமிழ்ப் படத்துக்கு இருந்த உள்ளாட்சிக் கேளிக்கை வரி 8 சதவீதம், 12 ரூபாய். இரண்டும் சேர்ந்த 162க்கு 18 சதவீதம் போட்டால் 191 ரூபாய் சொச்சம் வருகிறது. காசுக் கணக்கில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் கணக்கு இதுதான். 190 ரூபாயில் வரி நாற்பது. பாதி இல்லை, ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். வரியை முழுக்க எடுத்தாலும் 150க்குக் கீழே போகாது.

சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் இங்கே ஏன் ஒரே விலை என்பதற்கும் பதில் அந்த 150 தான். விலையைக் கூட்ட மேலே இடமில்லை. சனி, ஞாயிறில் கூட்டி வாங்க முடிந்தால்தான் செவ்வாய்க்கிழமையில் குறைத்துக் கொடுக்கத் தியேட்டருக்குத் தெம்பு வரும். உச்சவரம்பிலேயே விற்றுப் பழகிய ஹாலில் அந்த ஏற்ற இறக்கமே கிடையாது. சீட்டு வித்தியாசமும் அப்படித்தான். முன்வரிசையில் கொஞ்சம் சீட் மலிவு, மீதி ஹால் முழுக்க ஒரே விலை. 2017க்கு முன்னால் சென்னை மல்டிபிளெக்ஸில் முன்வரிசை பத்து ரூபாய்க்குக் கிடைத்தது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

தாவணகெரே செல்வம் (இப்போது பெங்களூர்):
இங்கே நிலைமை மாறிவிட்டது கார்த்தி. கர்நாடகாவிலும் 200 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டுவிட்டது. உங்கள் தம்பி தைரியமாகக் கேட்கலாம்.

ரேவதி, ஒயிட்ஃபீல்டு:
செல்வம் அண்ணா, அந்த உத்தரவு 2025 செப்டம்பர் 12ஆம் தேதி வந்தது. 23ஆம் தேதியே உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்துவிட்டது. உத்தரவிலேயே 75 சீட்டும் அதற்குக் குறைவாகவும் உள்ள சொகுசு அரங்குகளுக்கு விலக்கு இருந்தது. அதை நம்பிக் கவுன்டரில் சண்டை போட முடியாது.

என் அனுபவம் இது. வியாழக்கிழமை இரவு ஞாயிறு மாலைக் காட்சிக்குப் பார்த்தபோது நடு வரிசை 320. வீட்டில் எல்லோரிடமும் கேட்டு முடித்து வெள்ளிக்கிழமை மதியம் திறந்தால் அதே வரிசை 360. அதற்குள் படம் நன்றாக இருக்கிறது என்று பேச்சு பரவி, ஹால் முக்கால்வாசி நிறைந்திருந்தது. அதே ஞாயிறு காலை ஒன்பது மணிக் காட்சியில் அதே சீட் 180. கடைசி வரிசை சாய்வு சோபா மட்டும் எந்த நேரத்திலும் இறங்கவே இல்லை. எண்ணிக்கை குறைவு, அதைத் தேடி வருகிறவர்கள் விலை பார்ப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழி, நாள் முடிவானதும் அன்றைக்கே எடுத்துவிடுவது, முடிந்தால் காலைக் காட்சிக்குப் போவது. நம் ஊரில் விலை முன்கூட்டியே தெரிகிறது என்பதே பெரிய விஷயம் என்று இங்கே வந்த பிறகுதான் படுகிறது.

பழைய மேனேஜர், கோவை:
ரேவதி சொன்ன காலைக் காட்சி விஷயம் சரியான கவனிப்பு. ஹாலில் இருபது பேர் இருந்தாலும் இருநூறு பேர் இருந்தாலும் ஏ.சி., புரொஜெக்டர், ஆள் சம்பளம் எல்லாம் ஒன்றுதான். காட்சி தொடங்கிவிட்டால் காலி சீட்டை அப்புறம் விற்க முடியாது. அதனால் கூட்டம் வராத நேரத்தில் எந்த விலைக்குப் போனாலும் லாபம் என்று தோன்றும். ஆனால் முதல் வாரம் வசூலில் பெரும் பங்கு விநியோகஸ்தருக்கு. பெரிய படமென்றால் நூற்றுக்கு அறுபது, எழுபது கூடப் போகும். அந்த வாரத்தில் தியேட்டர் தன் இஷ்டத்துக்கு விலையைக் குறைத்தால் அவர்கள் சும்மா இருப்பார்களா? வாரம் ஆக ஆகத் தியேட்டரின் பங்கு கூடும், அப்போதுதான் சலுகை வரும்.

மாலதி அம்மா கேட்ட பாப்கார்னும் இங்கேதான் வந்து சேர்கிறது. கேன்டீன் வசூலில் விநியோகஸ்தருக்குப் பங்கில்லை. டிக்கெட் விலைக்கு வரம்பு உண்டு, பாப்கார்னுக்கு இல்லை. அங்கே விலை ஏறுவதற்கு அதுதான் காரணம். அது நியாயம் என்று நான் சொல்லவில்லை.

தேனி பாலு:
எங்கள் ஊர் தியேட்டர் ஒற்றைத் திரை. டிக்கெட்டை நூறு ரூபாயைத் தாண்ட விடவே மாட்டார் முதலாளி. ஏனென்று கேட்டேன். கேளிக்கை வரியைத் தள்ளிவைத்து ஜி.எஸ்.டி.யை மட்டும் பேப்பரில் போட்டுக் காட்டினார். நூறு ரூபாய் டிக்கெட்டுக்கு 5 சதவீதம், ரசிகர் தருவது 105. அதே டிக்கெட்டை 101 ஆக்கினால் முழுத் தொகைக்கும் 18 சதவீதம், ரசிகர் தருவது 119 ரூபாய் 18 காசு. முதலாளிக்குக் கூடுதலாக வருவது ஒரு ரூபாய், ரசிகர் கையிலிருந்து போவது பதினாலு ரூபாய். ஏற்றினால் 120, 130 என்று தாவ வேண்டும், அந்த விலைக்கு எங்கள் ஊரில் ஆள் வராது என்றார்.

ஆனால் பெரிய ஹீரோ படம் வந்த முதல் நாள் வேறொரு ஊரில் கவுன்டரில் இருநூறு வாங்கினார்கள், டிக்கெட்டில் வேறு விலை அச்சாகியிருந்தது. இதை யாரிடம் சொல்வது?

பழைய மேனேஜர், கோவை:
தியேட்டருக்கு சி ஃபார்ம் லைசென்ஸ் கொடுப்பவர் மாவட்டத்தில் கலெக்டர், சென்னையில் போலீஸ் கமிஷனர். புகார் அங்கேதான் போக வேண்டும். டிக்கெட்டின் அடித்துண்டைக் கட்டாயம் வைத்திருங்கள். ஜிபேயில் கட்டியிருந்தால் அந்தத் தொகை இருக்கும் படத்தையும் சேருங்கள். அச்சடித்த விலைக்கும் கட்டிய விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆதாரம்.

நிவேதா, தாம்பரம்:
நான் புக்கிங் கட்டணத்துக்கே வருகிறேன். கல்லூரி நாட்களில் நாங்கள் முன்வரிசை அறுபது ரூபாய் சீட்டுக்குத்தான் போவோம். அதற்கும் கட்டணம் அதே 35 ரூபாய் 40 காசு. 190 ரூபாய் டிக்கெட் எடுப்பவருக்கு அது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு, எங்களுக்கு டிக்கெட் விலையில் பாதிக்கும் மேல். குறைந்த காசுள்ளவர்தான் சதவீதத்தில் அதிகம் கட்டுகிறார். இது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம். அரசு அந்த சீட்டை மலிவாக வைத்ததே அவர்களுக்காகத்தானே.

இன்னொன்று. ஒரு ஆப்பில் கடைசித் திரையில் டிக்கெட்டுக்கு ஒரு ரூபாய் நன்கொடை என்று தானாகவே சேர்ந்திருந்தது, நாம்தான் நீக்க வேண்டும். கேட்காமலே இப்படிச் சேர்ப்பதை 2023 நவம்பரில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் தடுக்கிறது. ஒரு ரூபாய்தானே என்று விடாமல், கட்டும் முன் அந்த வரியைத் திறந்து பாருங்கள்.

சேலம் பிரபு:
ஜி.எஸ்.டி. விளக்கத்துக்கு நன்றி சார். அப்படியென்றால் கன்வீனியன்ஸ் ஃபீயையும் அரசாங்கம் ஒரேயடியாகத் தடை செய்யலாமே?

ரேவதி, ஒயிட்ஃபீல்டு:
மகாராஷ்டிராவில் செய்து பார்த்தார்கள். 2013, 2014இல் போட்ட தடை உத்தரவுகளை பாம்பே உயர்நீதிமன்றம் 2025 ஜூலையில் ரத்து செய்துவிட்டது. ஆன்லைனில் எடுப்பதா, கவுன்டருக்குப் போவதா என்பது ரசிகர் விருப்பம், அதற்குக் கட்டணம் வாங்குவது தொழில் உரிமை என்ற அடிப்படையில்.

நிவேதா, தாம்பரம்:
விருப்பம் என்றால் கவுன்டரில் சீட் இருக்க வேண்டும் அல்லவா? பெரிய படத்தின் முதல் வாரம் கவுன்டருக்குப் போனால் "எல்லாம் ஆன்லைன்லயே போயிடுச்சும்மா" என்கிறார்கள். கவுன்டருக்கென்று எத்தனை சீட் ஒதுக்க வேண்டும் என்று எங்காவது விதி இருக்கிறதா சார்?

பழைய மேனேஜர், கோவை:
நான் வேலை பார்த்த காலத்தில் கொஞ்சம் சீட்டை நாங்களாகவே கவுன்டருக்கு நிறுத்தி வைப்போம். அது முதலாளியின் நல்ல மனசு, விதி என்று யாரும் எங்களிடம் காட்டியதில்லை. கட்டணத்திலும் ஒரு பங்கு தியேட்டருக்கு வரும், எவ்வளவு என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். அந்தப் பங்கு வரும்வரை கவுன்டரில் விற்கத் தியேட்டருக்கு ஆசை குறைவுதான். சாதாரண வாரத்தில், சாதாரண நாளில் நேரே போனால் இன்றும் கட்டணமில்லாமல் சீட் கிடைக்கும்.

பெரம்பூர் கார்த்தி:
அடுத்த செவ்வாய்க்கிழமை மேட்னிக்கு நாலு பேரும் கவுன்டரில் எடுக்கப் போகிறோம். பில் வந்ததும் இங்கே போடுகிறேன். மற்றவர்களும் ஊர், காட்சி நேரம், எந்த வரிசை என்பதோடு போடுங்கள். கவுன்டர் சீட் ஒதுக்கீடு பற்றி யாருக்காவது அரசாணை எண் தெரிந்தால் நிவேதா அக்காவுக்குச் சொல்லுங்கள்.